எண்ணெய் மிதந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தது சரியா?

கேள்வி: எனக்கு வயது 34. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்று மாதமாக வாரத்தில் நான்கு நாள் காலையில் ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சி முடிந்ததும் கிரானோலா, பீநட் பட்டர், பால் என்று காலை உணவையும் மாற்றிக்கொண்டேன். புரதத்துக்கு பீநட் பட்டரைத் தாராளமாகச் சேர்க்கும்படி பயிற்சியாளர் சொன்னார். சர்க்கரையைத் தொடுவதே இல்லை. இனிப்புக்குத் தேன் மட்டும்தான். ஆனாலும் எடை இரண்டரை கிலோ ஏறியிருக்கிறது. தசைதான் என்று நினைத்தேன். ஆனால் பேண்ட் இடுப்பில் இறுக்குகிறது.

நான் சாப்பிடுவதை எடை போட்டுப் பார்த்தேன்: கிரானோலா 90 கிராம், பீநட் பட்டர் 50 கிராம், கொழுப்பு குறைத்த பால் 250 மில்லி, தேன் 20 கிராம், உலர்ந்த கிரான்பெரி 20 கிராம்.

முதலில் வாங்கிய பீநட் பட்டரில் விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. எண்ணெய் கலந்து விற்கிறார்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, எண்ணெய் பிரியாத வேறொன்றை வாங்கினேன். அதில் எழுதியிருப்பது: வறுத்த வேர்க்கடலை 82%, சர்க்கரை, ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய், உப்பு. 100 கிராமில் சர்க்கரை 13 கிராம், உப்பு 1 கிராம்.

கிரானோலாவில்: ஓட்ஸ் 48%, சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய், அரிசிப் பொரி, உலர் திராட்சை 6%, பாதாம் 6%, தேன், பூசணி விதை 4%, குளுக்கோஸ் சிரப், உப்பு. 100 கிராமில் கொழுப்பு 18 கிராம், சர்க்கரை 23 கிராம்.

மியூஸ்லிக்கு மாறலாமா? ஒருமுறை சாப்பிட்டேன், மரத்தூளை மெல்வது போலிருந்தது. மனைவிக்கு ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அவரும் இதையே சாப்பிடலாமா?

பதில்: லேபிளை முழுதாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலோர் "நல்ல கிரானோலா ஒன்று சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் கேட்பார்கள். அதற்கு உருப்படியாக எதையும் சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே உங்கள் இரண்டரை கிலோவுக்கான காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்த பாட்டில் விஷயத்தைத் தீர்த்துவிடலாம். நீங்கள் திருப்பிக் கொடுத்ததுதான் நல்ல சரக்கு.

மிதந்தது வேர்க்கடலையின் சொந்த எண்ணெய்

வறுத்த வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதை நைசாக அரைக்கும்போது அந்த எண்ணெய் வெளியே வருகிறது; பாட்டிலில் சில வாரம் நின்றால் கனமான கடலை விழுது கீழே தங்கி, எண்ணெய் மேலே ஏறுகிறது. வேறு எதுவும் சேர்க்காத பீநட் பட்டரில் இது நடந்தே தீரும். எண்ணெய் பிரியாமல் கடைசிக் கரண்டி வரை ஒரே பதமாக இருக்கிறது என்றால், பிரியவிடாமல் பிடித்து நிறுத்த ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வேலையைச் செய்வதுதான் உங்கள் லேபிளில் உள்ள ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய். சில நிறுவனங்கள் அதற்குப் பதில் பாமாயில் சேர்த்து, "இயற்கையானது, கிளற வேண்டியதில்லை" என்று எழுதிக்கொள்கின்றன.

ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் என்றதும் பயப்பட வேண்டாம். அதில் இரண்டு வகை உண்டு. முழுமையாக ஹைட்ரஜன் ஏற்றியதில் டிரான்ஸ் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அது வெறும் நிறைவுற்ற கொழுப்பு. பகுதி மட்டும் ஏற்றியதில்தான் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருக்கும். லேபிளில் "பகுதி" என்ற சொல் இருந்தால் அந்த பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

இனி எண்ணெய் மிதக்கும் பாட்டிலை வாங்கினால் அந்த எண்ணெயை வடித்துக் கொட்டாதீர்கள். வடித்துவிட்டால் அடியில் இருப்பது வறண்டு, கரண்டி இறங்காத கட்டியாகிவிடும். முதல் நாள் இரவு முழுக்க பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். காலையில் நீளமான கரண்டியால் அடிவரை குத்திக் கிளறி, அதன்பின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிரில் எண்ணெய் இறுகுவதால் மறுபடி எளிதில் பிரியாது. வார்னிஷ் போன்ற வாடையோ கசப்போ வந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, தூக்கி எறிந்துவிடலாம்.

லேபிளில் கழித்தல் கணக்கு

சேர்த்த எண்ணெய் எவ்வளவு என்று யாரும் எண் போட்டு எழுதுவதில்லை. நாம்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பீநட் பட்டரில் கடலை 82 சதவீதம் என்றால் மீதி 18 வேறு பொருள்கள். கடலையிலேயே கொஞ்சம் இயற்கைச் சர்க்கரை உண்டு, 100 கிராமுக்கு நான்கு கிராம் அளவில். ஆகவே 82 கிராம் கடலையிலிருந்து மூன்றரை கிராம் வருகிறது. லேபிளில் உள்ள 13இல் அதைக் கழித்தால் சேர்த்த சர்க்கரை ஒன்பதரை கிராம். அதையும் ஒரு கிராம் உப்பையும் அந்த 18இலிருந்து எடுத்துவிட்டால் ஏழு கிராமுக்குச் சற்று மேல் மிஞ்சுகிறது. அதுதான் எண்ணெய். பிரியாமல் நிறுத்துவதற்கு ஒன்றிரண்டு சதவீதமே போதும். ஏழு சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்றால் அது கடலைக்குப் பதிலாக எடையை நிரப்பப் போட்டது.

வேர்க்கடலை மட்டுமே உள்ள பாட்டிலிலும் ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரை நான்கைந்து கிராம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் தேடவேண்டியது சுருக்கமான பட்டியல்: வேர்க்கடலை, வேண்டுமானால் உப்பு. அவ்வளவுதான். "கொழுப்பு குறைத்தது" என்று தனியாக ஒரு வகை விற்கிறது. அதில் எடுத்த கொழுப்பின் இடத்தைச் சர்க்கரையும் சிரப்பும் பிடித்துக்கொள்வதால் கலோரி ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. அதை வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கிரானோலாவிலும் இதே கணக்கைக் கொழுப்பை வைத்துப் போடலாம். ஓட்ஸில் கொழுப்பு 100 கிராமுக்கு ஏழு கிராம் அளவில் இருக்கும். பாதாம், பூசணி விதை போன்றவற்றில் எடையில் பாதி. 48 கிராம் ஓட்ஸிலிருந்து மூன்றரை, பாதாமிலிருந்து மூன்று, விதையிலிருந்து இரண்டு. ஆக எட்டரை கிராம் கொழுப்புக்குத்தான் பொருள்கள் கணக்குச் சொல்கின்றன. லேபிள் 18 என்கிறது. மீதி ஒன்பதரை கிராம் ஊற்றிய எண்ணெய். சர்க்கரையில் உலர் திராட்சை கொண்டுவருவது நான்கு கிராம் போல, ஓட்ஸிலிருந்து அரை கிராம் இருக்கலாம். 23இல் மற்றது எல்லாம் சேர்த்த இனிப்பு, பதினெட்டரை கிராம்.

அந்தப் பட்டியலில் இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுவது பெரும்பாலான நாடுகளில் விதி. உங்கள் கிரானோலாவில் இனிப்பு மூன்று பெயரில் வருகிறது: சர்க்கரை, தேன், குளுக்கோஸ் சிரப். ஒன்றைத் தவிர மற்றவை பட்டியலின் பின்பகுதிக்குப் போய்விடுவதால் கண்ணில் உறுத்துவதில்லை. வேறு பொட்டலங்களில் பேரீச்சம்பழச் சிரப், அரிசிச் சிரப், பழச்சாறு அடர்கரைசல் என்று எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே சர்க்கரையாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கிண்ணத்தில் இருப்பது

இப்போது நீங்கள் எடை போட்ட அளவுகளுக்கு வருவோம். 90 கிராம் கிரானோலா 410 கலோரி, 50 கிராம் பீநட் பட்டர் 295, பால் 125, தேன் 60, கிரான்பெரி 65. கூட்டினால் 950ஐத் தாண்டுகிறது. பொட்டலத்தில் ஒரு பரிமாறல் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30லிருந்து 45 கிராம்தான். கிரானோலா கனமான பொருள் என்பதால் கண் மதிப்பில் கொட்டினால் எல்லோருக்கும் இரட்டிப்பாகத்தான் விழும். ஒரு மணி நேர ஜிம் பயிற்சியில் உங்களைப் போன்றவர்கள் செலவழிப்பது பெரும்பாலும் 300, 400 கலோரி.

சர்க்கரையைத் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேனில் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்தச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனும் சிரப்பும் பழச்சாறு அடர்கரைசலும் சேர்த்தி. முழுப் பழமும் சாதாரணமாக உலர்த்திய திராட்சையும் அதில் வராது. ஆனால் கிரான்பெரி அப்படியல்ல. அது தாங்க முடியாத புளிப்புள்ள பழம் என்பதால் கிட்டத்தட்ட எப்போதும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தே உலர்த்துகிறார்கள். ஆக, கிரானோலாவில் 17, பீநட் பட்டரில் 5, தேனில் 16, கிரான்பெரியில் 12. மொத்தம் 50 கிராம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த நிறுவனம் வகுத்த மேல் வரம்பு, முழு நாளுக்கும் சேர்த்து, 50 கிராம். முடிந்தால் 25க்குள் நிறுத்துவது நல்லது என்றும் சொல்கிறது. காலை மணி ஒன்பதுக்குள் அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறீர்கள்.

மறைந்திருக்கும் எண்ணெய் இரண்டு பொருளிலும் சேர்ந்து 12 கிராம், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 108 கலோரி. இரண்டரை கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 19,000 கலோரி உபரி. 90 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 210 வருகிறது. தேன், கிரான்பெரி, மறைந்த எண்ணெய் இந்த மூன்றும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடுகின்றன. கூடிய எடையில் தசையே இல்லை என்று நான் சொல்லவில்லை. புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்குக் கொஞ்சம் தசையும் கூடும். ஆனால் தசை கூடியதற்காக இடுப்பு பெருக்காது.

அடுத்து புரதம். உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. பீநட் பட்டரில் புரதம் இருப்பது உண்மை, 100 கிராமில் 25 கிராம் வரை. ஆனால் அதே 100 கிராமில் 50 கிராம் கொழுப்பும் 600 கலோரியும் உண்டு. அதன் கலோரியில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்து வருவது. புரதத்தின் பங்கு ஆறில் ஒன்று. எனவே பீநட் பட்டரை நல்ல கொழுப்புள்ள உணவு, கொஞ்சம் புரதமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஒரு மேசைக்கரண்டி, 16 கிராம். கரண்டியில் குவித்து எடுத்தால் அது எளிதாக 25 கிராம் ஆகிவிடும். முதல் வாரம் மட்டுமாவது தராசில் வைத்து எடுங்கள்.

மியூஸ்லி, ஆனால் எந்த மியூஸ்லி?

மாறலாம் என்பதே என் கருத்து, ஒரு நிபந்தனையோடு. கிரானோலா என்பது ஓட்ஸை எண்ணெயிலும் பாகிலும் புரட்டி அடுப்பில் மொறுமொறுப்பாக வாட்டி எடுப்பது. மியூஸ்லி வாட்டாத ஓட்ஸ், பருப்பு, விதை, உலர்பழக் கலவை. ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பல இடங்களில் சட்டப்படியான வரையறை இல்லை. "மொறுமொறு மியூஸ்லி", "வறுத்த மியூஸ்லி" என்று விற்பவை பெரும்பாலும் வேறு பெயரில் கிரானோலாதான். பெயரைப் பார்க்காமல் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஓட்ஸும் பத்து சதவீதம் பருப்பும் விதையும் உள்ள மியூஸ்லியில் கொழுப்பு 10, 11 கிராமுக்குள் நிற்கவேண்டும். 16, 17 என்று இருந்தால் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்த பிறகும் தெரிந்துகொள்ளலாம். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் கழித்து அந்தத் தண்ணீரை மட்டும் குடித்துப் பாருங்கள். சேர்த்த சர்க்கரை உடனே கரைந்து நீர் இனிக்கும். வெறும் ஓட்ஸாக இருந்தால் கஞ்சித் தண்ணீர் போல் சப்பென்றிருக்கும்.

மியூஸ்லியில் எண்ணெய் ஒளிந்திருக்கும் இன்னொரு இடம் வாழைப்பழச் சில்லு. உலர்த்திய பழம் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது எண்ணெயில் பொரித்து இனிப்பூட்டியது. பளபளவென்று நிறமேறிய பப்பாளி, அன்னாசித் துண்டுகளும் பாகில் ஊறியவையே. உலர்பழத்தில் திராட்சையோடு நிற்கும் மியூஸ்லியை எடுங்கள்.

மரத்தூள் போலிருந்ததற்குக் காரணம், பெரும்பாலும் கிரானோலாவைப் போலவே பாலை ஊற்றி உடனே சாப்பிட்டிருப்பீர்கள். மியூஸ்லி ஊறவேண்டிய உணவு. சுமார் 1900இல் சுவிட்சர்லாந்தில் மருத்துவர் பிர்ச்சர் பென்னர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த முதல் மியூஸ்லியில் ஊறிய ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டி மட்டுமே. கிண்ணத்தில் பெரும்பகுதி துருவிய ஆப்பிள். இன்றைய பொட்டலங்கள் அந்த விகிதத்தைத் தலைகீழாக்கிவிட்டன. அவர் இனிப்பூட்டிய கெட்டிப் பாலும் சேர்த்தார் என்பது வேறு விஷயம், அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

இரவில் 50 கிராம் சாதாரண மியூஸ்லியை 100 மில்லி பாலும் 150 கிராம் இனிப்பில்லாத கெட்டித் தயிரும் சேர்த்துக் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தயிர் நீர் வடித்துக் கெட்டியாக்கிய, கொழுப்பு குறைந்த வகையாக இருக்கட்டும். புரதம் அதில்தான் அடர்த்தி. காலையில் பாதி ஆப்பிளைத் துருவிப் போட்டு, ஒரு மேசைக்கரண்டி இனிப்பில்லாத பீநட் பட்டரைக் கலந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 490 கலோரி, 28 கிராம் புரதம். உங்கள் இப்போதைய கிண்ணத்தில் புரதம் 27 கிராம். பாதிக் கலோரியில் அதே புரதம் கிடைத்துவிடுகிறது. சேர்த்த சர்க்கரை ஏதும் இல்லை.

மொறுமொறுப்பு இல்லாமல் இறங்காது என்றால் கிரானோலாவை முழுதாக விலக்க வேண்டாம். 15 கிராம் மட்டும் கடைசியில் மேலே தூவிக்கொள்ளுங்கள். அதில் வரும் சேர்த்த சர்க்கரை மூன்று கிராமுக்கும் குறைவு. வீட்டிலேயே செய்வதானால் 200 கிராம் ஓட்ஸுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒன்றரை மேசைக்கரண்டி தேனும் போதும்; கட்டிகளாகச் சேர்வதற்கு, நுரைக்க அடித்த ஒரு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்தால் பாகு அதிகம் தேவைப்படாது. 150 டிகிரியில் அரை மணி நேரம், இடையில் ஒருமுறை புரட்டிவிட்டு.

உங்கள் மனைவிக்கு

இப்போது நீங்கள் சாப்பிடும் கிண்ணம் அவருக்கு வேண்டாம். ஊறிய மியூஸ்லியைச் சாப்பிடலாம், ஆனால் உலர்பழம் இல்லாமல், 40 கிராம் அளவில், பெரிய செதில் ஓட்ஸ் உள்ளதாக. உடனடியாகக் கரையும் தூள் ஓட்ஸ் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். "சர்க்கரை சேர்க்காதது" என்ற வரியை அவர் முழுதாக நம்பக் கூடாது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் லேபிளில் சர்க்கரையாகக் கணக்கில் வராது; உடலில் வேலை செய்வது சர்க்கரையைப் போலத்தான். அவருக்கு இந்த உணவு ஒத்துப்போகிறதா என்பதை வீட்டு குளுக்கோமீட்டரே சொல்லிவிடும்: சாப்பிடுமுன் ஒருமுறை, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை, மூன்று நாள் பார்த்துக் குறித்து அவருடைய மருத்துவரிடம் காட்டட்டும். அவர் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் காலை உணவை இப்படி மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாருக்கேனும் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் இதில் எதையும் முயலக் கூடாது. அந்தக் கரண்டியைக்கூடத் தனியாக வைக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் நான்கு வாரம் இதைக் கடைப்பிடித்து, வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் தொப்புள் மட்டத்தில் இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வாருங்கள். தராசைவிட அது நம்பகமானது. இடுப்பு அசையவில்லை என்றால் காலை உணவில் இனித் தேடுவதற்கு ஒன்றும் இல்லை; மதியமும் இரவும் சாப்பிடுவதை இதேபோல எடை போட்டு எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.